கணக்குல லாபம், கையில காசு இல்ல: மேனேஜருக்குப் பங்கு கொடுத்தா சரியாகுமா?

சிங்கப்பூர்_சுப்பு: காரைக்குடில எங்க ஃபைனான்ஸ் கடைய சம்பளத்துக்கு ஒரு மேனேஜர்தான் பாக்குறாரு, ரெண்டு வருஷமா ஐந்தொகையில லாபம் காட்டுது ஆனா எனக்கு பணம் வரல. லாபத்துல 10% பங்கு கொடுத்தா நம்ம கடைன்னு பாப்பாரா?

தேவகோட்டை ராமு: கண்டிப்பா கொடுங்க. அந்தக் காலத்துல பர்மா, மலேயாவுக்குப் போன செட்டியார் வட்டிக்கடை ஏஜெண்டுகளுக்கும் சம்பளத்தோட லாபத்துல பங்கு இருந்துச்சு. பங்கு இருந்தா திருட மனசு வராது.

கோட்டையூர் வள்ளி: ராமு அண்ணே, பாதிதான் சரி. எந்த லாபத்துல பங்குன்னு பாக்கணும். ஒருத்தர் 10 லட்சம் வாங்கி 2 லட்சம் வட்டி கட்டலன்னு வைங்க. மேனேஜர் பழைய கடன் நோட்டை தீர்ந்ததா எழுதிட்டு, அன்னைக்கே அதே ஆள்கிட்ட 12 லட்சத்துக்கு புது நோட்டு வாங்கிடுவாரு. பேரேட்டுல 2 லட்சம் வட்டி வரவு ஆயிடும், ஒத்தப் பைசா உள்ள வந்திருக்காது, ஆனா அவரோட 20,000 பங்கு மட்டும் ரொக்கமா வெளிய போயிடும். பங்கு கொடுத்தா இதை செய்ய அவருக்கு ஆசைதான் கூடும். திருட்டுக்கூட இல்ல இது, ஒப்பந்தப்படி அவரு எடுக்குற பணம்.

பழைய ஏஜெண்டுகளைக் கட்டுப்படுத்துனது பங்கு மட்டும் இல்ல. மூணு வருஷம் முடிஞ்சா அடுத்த ஏஜெண்டு கப்பல்ல வந்து இறங்குவாரு, நோட்டு நோட்டா பாத்து கணக்கை ஏத்துக்குவாரு. இனி அந்தக் கடனை வசூல் பண்ண வேண்டியது அவருதான், அதனால வராக்கடனை சும்மா தலையில வாங்கிக்க மாட்டாரு.

பள்ளத்தூரான்: எங்க மாமா மளிகைக்கடைல மேனேஜர் கல்லாவுலயே கைய வச்சாரு, கேமரா போட்டதும் நின்னுச்சு. கேமரா போடுங்க தம்பி.

கோட்டையூர் வள்ளி: அது ரொக்கத் திருட்டுண்ணே, இதுல எல்லாமே பேப்பர்லதான் நடக்குது, கேமராவுல தெரியாது.

தேவகோட்டை ராமு: சரி ஆச்சி, ஒத்துக்குறேன். ஆனா வர்றவரும் போறவரும் சொந்தக்காரங்களா இருந்தா? ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் கொடுப்பாங்களா? இன்னொன்னு, 1930க்கு அப்புறம் நெல்லு விலை விழுந்து பர்மாவுல கடன் முழுக்க நின்னுபோச்சு. முக்கியமான 13 நெல் ஜில்லாவுல செட்டியார்கள் கைல இருந்த நிலம் 6 சதவீதத்துல இருந்து 1938க்குள்ள 25 ஆச்சு, எல்லாம் கடனுக்கு ஈடா வந்ததுதான். அது ஏஜெண்டு தப்பா, காலத்தோட தப்பா? இங்க உக்காந்திருந்த முதலாளிக்கு எப்படி தெரியும்?

கோட்டையூர் வள்ளி: பக்கத்துக் கடைகளோட ஒப்பிட்டா ஓரளவு தெரியும், முழுசா தெரியாது. சொந்தக்காரங்க விஷயத்துக்கு என்கிட்டயும் பதில் இல்ல. சுப்பு, பங்கு கொடுக்குறதா இருந்தா ரொக்கமா வந்த வட்டிக்கு மட்டும் கொடுங்க, அதுலயும் பாதிய ரெண்டு வருஷம் கடையிலயே நிறுத்தி வைங்க. அதுக்கு முன்னாடி, ஒரே தேதியில ஒரே ஆள் பேர்ல பழசு தீர்ந்து புதுசு பிறந்த நோட்டு எத்தனைன்னு எண்ணிப் பாருங்க.

சிங்கப்பூர்_சுப்பு: பேரேட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாத்தேன் ஆச்சி. போன பங்குனில மட்டும் ஒன்பது இருக்கு, அதுல ஒருத்தர் பேர் மூணாவது தடவையா வருது.