உதவி தேவை: கஸ்டமர் கேட்கும் கேள்விகளை இன்ஸ்டாகிராமில் தள்ளிப் பார்க்கும் படங்களாகப் போட்டும் அதே போன் கால்தான்

பெருந்துறை வைண்டிங்

வணக்கங்க. அப்பாவும் நானும் சப்மெர்சிபிள் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறோம். தோட்டத்துக்காரர்கள்தான் முக்கால்வாசிப் பேர். தினமும் ஒரே கேள்விகள்: காயில் கட்ட எவ்வளவு, எத்தனை நாளாகும், வாரண்டி உண்டா, மோட்டார் ஓடுகிறது ஆனால் தண்ணீர் வரவில்லை ஏன். இதையெல்லாம் பத்து கேள்வி, பத்து பதிலாக எழுதி, ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று இன்ஸ்டாகிராமில் கேரசலாகப் போட்டேன். முதல் படத்தில் கடை லோகோவும் "அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்" என்ற தலைப்பும். பார்க்கிறார்கள், ஆனால் யாரும் தள்ளிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. போன் கால் துளியும் குறையவில்லை. எங்கே கோளாறு?

ரீல்ஸ் ராசா

தம்பி, இப்போது ஒரு போஸ்ட்டில் 20 படம் வரை போடலாம். பத்தோடு நிறுத்தாமல் இருபதும் போடுங்கள், அதிக நேரம் பார்ப்பார்கள். பதிலைக் கடைசிப் படத்தில் வையுங்கள், அப்போதுதான் கடைசி வரை தள்ளுவார்கள். லோகோவை முதல் படத்திலிருந்து தூக்கிவிடுங்கள்.

நொய்யல் டிசைன்

லோகோ விஷயம் சரி. மற்ற இரண்டும் இந்தத் தொழிலுக்கு ஒத்துவராது. பயிர் வாடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஆள் இருபது படம் தள்ளிப் பதில் தேட மாட்டார், நேராகப் போன் அடித்துவிடுவார். கோளாறு, பத்து கேள்வியை ஒரே போஸ்ட்டில் அடைத்ததில்தான் இருக்கிறது. தண்ணீர் வராதவருக்கு வாரண்டி பதில் எதற்கு? ஒரு கேள்விக்கு ஒரு கேரசல் என்று வையுங்கள்.

எந்தக் கேள்வி முதலில் என்று நினைவிலிருந்து முடிவு செய்யாதீர்கள். கடை வாட்ஸாப்பில் போய்ப் பழைய மெசேஜ்களைப் பாருங்கள், அவர்கள் எழுதிய வார்த்தையையே தலைப்பாக எடுங்கள். "தண்ணி வரல" என்று வந்திருந்தால் "நீர் வரத்துக் குறைபாடு" என்று திருத்த வேண்டாம்.

எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உங்களுக்கு அதிக நேரம் போகிறது?

பெருந்துறை வைண்டிங்

தண்ணீர் வராததுதாங்க. போனில் கால் மணி நேரம் போகும். பாதிப் பேர் அதற்குள் வண்டியைக் கூப்பிட்டு மோட்டாரைப் போரிலிருந்து மேலே தூக்கிவிடுவார்கள். தூக்கிப் பார்த்தால் மோட்டாரில் ஒன்றுமே இருக்காது.

காங்கேயம் தோட்டம்

ஏனுங்க, எனக்கும் இதே பிரச்சினைதான். 5 எச்பி, மூணு பேஸ். நேற்று லைன்மேன் வந்து ஏதோ வேலை பார்த்துவிட்டுப் போனார். அதிலிருந்து மோட்டார் ஓடுகிறது, குழாயில் நூல் மாதிரித்தான் தண்ணீர். தூக்கிவிடலாமா?

பெருந்துறை வைண்டிங்

அண்ணா, தூக்காதீங்க. லைன் வேலைக்குப் பிறகு என்றால் இரண்டு பேஸ் இடம் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றலாம். எலக்ட்ரீசியனை வரச்சொல்லி இரண்டு ஒயரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்க. பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம்.

நொய்யல் டிசைன்

தம்பி, உங்கள் கேரசல் இதோ வந்துவிட்டது. காங்கேயத்து அண்ணன் கடைசியில் கேட்டாரே, "தூக்கிவிடலாமா", அதுதான் உண்மையான கேள்வி. ஏழு படம் போதும்.

முதல் படத்தில் உங்கள் கடையில் எடுத்த பேனல் போர்டு போட்டோ, ஆம்ப்ஸ் மீட்டர் முள் தெரியும்படி. மேலே பெரிய எழுத்தில்: "மோட்டார் ஓடுது, தண்ணி வரல. தூக்கணுமா?" இரண்டாவது படத்திலேயே பதில்: "அவசரப்பட வேண்டாம், முதலில் ஆம்ப்ஸ் மீட்டரைப் பாருங்கள்." இதை ஒளித்து வைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் படத்தைத் தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் சில சமயம் அதே போஸ்ட்டை இரண்டாவது படத்திலிருந்து மறுபடி காட்டும். அது தனியாகவே புரிய வேண்டும்.

மூன்று, நான்கு, ஐந்து: ஆம்ப்ஸ் வழக்கத்தைவிடக் குறைவு, வழக்கம்போல, அதிகம். ஒரு படத்துக்கு ஒரு நிலை. தொழில் விஷயத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெருந்துறை வைண்டிங்

குறைவாக இருந்தால் பெரும்பாலும் போரில் தண்ணீர் இறங்கியிருக்கும். நிறுத்தி, சில மணி நேரம் கழித்துப் போட்டால் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிடும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அப்படியும் சொட்டுகூட வராவிட்டால் ஷாஃப்ட்டோ கப்ளிங்கோ போயிருக்கும், அப்போது தூக்கித்தான் ஆக வேண்டும். ஆம்ப்ஸ் வழக்கம்போல இருந்தால் பைப் ஓட்டையைச் சந்தேகப்படலாம், போர் வாயில் காது வைத்தால் உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். ஆம்ப்ஸ் ஏறி ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆனால் திரும்பத் திரும்பப் பச்சைப் பட்டனை அமுக்கக் கூடாது. ஒரு பேஸ் இல்லாமல் ஓட்டினால் காயில் கருகிவிடும். தலைகீழாகச் சுற்றும்போது மீட்டரை மட்டும் நம்ப முடியாதுங்க.

நொய்யல் டிசைன்

அருமை. அப்படியானால் "லைன் வேலை நடந்த பிறகா?" என்பதை மீட்டருக்கு முன்னால், இரண்டாவது படத்திலேயே ஒரு வரியாகச் சேருங்கள். ஆறாவது படம்: "போன் பண்ணும் முன் இதை அனுப்புங்கள்." ஓடும்போது மீட்டரின் வீடியோ, எத்தனை எச்பி, போர் எத்தனை அடி. உங்கள் கால் மணி நேரத்தை மிச்சம் பிடிப்பது இந்தப் படம்தான். ஏழாவதில் நம்பரும் எந்தெந்த ஊருக்கு வருவீர்கள் என்பதும்.

அளவு 1080க்கு 1350. ப்ரொஃபைல் கட்டத்தில் இடமும் வலமும் கொஞ்சம் வெட்டுப்படும், எழுத்தை ஓரத்தில் ஒட்ட வைக்காதீர்கள். வலது மேல் மூலையில் 1/7 என்று எண் வரும், அந்த இடத்தையும் விட்டுவிடுங்கள்.

அவிநாசி பார்லர்

நான் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். ரேட்டை முதல் படத்திலேயே போட்ட பிறகுதான் எனக்கு வீண் கால் குறைந்தது. நீங்களும் காயில் கட்டும் ரேட்டைப் போட்டுவிடுங்களேன்?

பெருந்துறை வைண்டிங்

அக்கா, காப்பர் விலை ஏறி இறங்கும். எச்பியும் ஸ்டேஜும் பார்க்காமல் ரேட் சொன்னால் கடைக்கு வந்து சண்டை போடுவார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

நொய்யல் டிசைன்

ரேட்டில் எனக்கும் இரண்டு மனசுதான். போடுவதானால் தனிப் படமாகப் போடுங்கள். பதிவிட்ட பிறகு கேரசலிலிருந்து ஒரு படத்தை நீக்கலாம், ஆனால் அந்த இடத்தில் வேறு படம் மாற்றி வைக்க முடியாது.

பெருந்துறை வைண்டிங்

இன்னொன்று. எனக்கு டிசைன் செய்து கொடுத்த பையன் அனுப்பிய படத்தில் "மோட்டார்" என்பதில் கொம்பும் காலும் பிரிந்து வேறு எங்கோ நிற்கிறது. போனில் டைப் செய்தால் சரியாக வருகிறது.

நொய்யல் டிசைன்

தமிழைச் சரியாகக் கோர்க்காத சாஃப்ட்வேராகவோ எழுத்துருவாகவோ இருக்கும். Noto Sans Tamil அல்லது Mukta Malar வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அனுப்பும் முன் "கொ, மோ, பௌ, ஸ்ரீ" நான்கையும் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம், உங்கள் ஆட்கள் இன்ஸ்டாகிராமைவிட வாட்ஸாப்பில்தான் இருப்பார்கள். "தண்ணி வரல" என்று மெசேஜ் வந்ததும் இதே படங்களை அனுப்புங்கள். நான்குக்கு மேல் அனுப்பினால் ஒரே கட்டமாகச் சேர்ந்து, மீதி ஒளிந்துகொள்ளும். அதனால் இரண்டாவது, ஆறாவது படம் இரண்டை மட்டும் அனுப்பினாலே போதும் என்பது என் எண்ணம். லைக்கைப் பார்க்காதீர்கள், மீட்டர் வீடியோவோடு வரும் மெசேஜ் எத்தனை என்று பாருங்கள்.

ரீல்ஸ் ராசா

இருந்தாலும் காது வைத்துக் கேட்பதை ரீல்ஸாக எடுத்தால் கேரசலைவிட நன்றாக ஓடும்.

பெருந்துறை வைண்டிங்

அந்தச் சத்தத்தை வீடியோவாக எடுக்கிறேன் அண்ணா, மூன்றாவது படத்துக்குப் பதில் அதையே கேரசலில் சேர்க்க முடியுமா என்று பார்க்கிறேன்.

நொய்யல் டிசைன்

சேர்க்கலாம், படமும் வீடியோவும் கலந்து போடலாம். ஆனால் பைப் ஓட்டைதான் நான்காவது படம், மூன்றாவது இல்லை.

காங்கேயம் தோட்டம்

எலக்ட்ரீசியன் வந்து ஒயரை மாற்றிவிட்டார். தண்ணீர் குழாய் நிறைய வருதுங்க. அந்த போஸ்ட்டைப் போட்டால் எனக்கும் அனுப்புங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் இப்படித்தான் இருக்கிறது, அவர் வண்டிக்குச் சொல்லிவிட்டார்.