கலைச்சொல் விவாதம்: ஓட்டை போட்ட வெள்ளைக் காலுறைக்கு என்ன பெயர்?

ஜெலுத்தோங், பினாங்கிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவப் பொருள் கடைக்குத் தமிழில் படவிளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடுப்புப் பட்டை, முழங்கால் பட்டை இரண்டிலும் சிக்கல் இல்லை. காலுறையில்தான் நிற்கிறேன். அழுத்திப் பிடிக்கும் காலுறை எல்லாவற்றையும் வாடிக்கையாளர்கள் 'ஸ்டோக்கிங்' என்றே கேட்கிறார்கள்.

போன வாரம் ஓர் அம்மா கைப்பேசியில் படம் காட்டி, இதே மாதிரி இன்னொரு ஜோடி வேண்டும், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வலிக்கிறது என்றார். படத்தில் முழங்கால் வரை வெள்ளை உறை, மேல் விளிம்பில் நிறக்கோடு, விரல்களுக்கு அடியில் ஓர் ஓட்டை. கடைக்காரர் அது கிழிசல் என்று நினைத்துவிட்டார். நான் 'சுருள்சிரைக் காலுறை' என்று எழுதலாம் என்றிருக்கிறேன். சரியா?

பட்டர்வொர்த்திலிருந்து, ஓய்வுபெற்ற தாதி:

தம்பி, அந்தப் பெயரை அந்தப் படத்துக்கு வைத்துவிடாதீர்கள். அது கிழிசல் இல்லை. நோயாளி படுத்திருக்கும்போது விரல்களின் நிறத்தையும் சூட்டையும் பார்க்க வைத்த துளை. தயாரிப்பாளரைப் பொறுத்து விரலுக்கு மேலேயும் இருக்கும், கீழேயும் இருக்கும். அறுவை முடிந்து அசையாமல் கிடப்பவருக்குக் காலில் இரத்தம் கட்டிவிடாமல் இருக்க வார்டில் மாட்டிவிடுவது இது. அந்த அம்மாவுக்கும் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டிருப்பார்கள், வீட்டுக்கு வந்தும் கழற்றாமல் நடந்திருப்பார்.

பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு. வார்டு காலுறை கணுக்காலில் சுமார் 18 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்தும், கெண்டைக்கால் வரும்போது 14-க்குக் குறையும். படுத்திருப்பவருக்கு அது போதும். எழுந்து அசையாமல் நின்றால் கணுக்காலுக்கு அருகே சிரையில் அழுத்தம் 80, 90 வரை ஏறும். அதற்கு ஈடுகொடுக்க அந்த மெல்லிய துணியால் முடியாது. நடக்க நடக்கச் சுருண்டு இறங்கி, மடிப்பு விழுந்த இடத்தில் கயிறு கட்டினதுபோல் இறுகும். தரையில் வழுக்கவும் செய்யும்.

அதனால் இரண்டு பெயர் வேண்டும். என் யோசனை: வார்டில் போடுவது 'படுக்கைக் காலுறை', சுருள்சிரைக்குப் போடுவது 'அழுத்தக் காலுறை'.

செந்தூலிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சிஸ்டர் சொன்னதில் பொருள் விளங்கியது, பெயரில் எனக்கு உடன்பாடில்லை. பயன் பெயரிலேயே தெரிய வேண்டுமானால் 'உறைவுத் தடுப்புக் காலுறை'தான் துல்லியம். இன்னொன்று. பெட்டியில் கிளாஸ் 1, கிளாஸ் 2 என்று போட்டிருக்கிறது. அதை 'முதல் தரம்', 'இரண்டாம் தரம்' என்று எழுதிவிடுங்கள். வாங்குகிறவர் உயர்ந்த தரத்தைத் தேர்ந்துகொள்வார்.

கிள்ளானிலிருந்து:

ஐயா, எனக்கு முட்டியில் வலி. வாங்கின முழங்கால் பட்டை எம் சைஸ், உட்கார்ந்தால் தொடையை அறுக்கிறது. இந்த அழுத்தக் காலுறை போட்டால் முட்டிக்கும் சேர்த்து ஆகுமா? கடையில் என் உயரம், எடை கேட்டுத்தான் கொடுத்தார்கள்.

பட்டர்வொர்த்:

கிள்ளான் அண்ணே, ஆகாது. முழங்காலுக்குக் கீழே நிற்கும் உறை முட்டியைத் தாங்காது. உங்கள் பட்டைக்கு உயரம், எடை அளவே அல்ல. அந்தப் பெட்டியில் ஒரு கால் படம் இருக்கும். சில கம்பெனி முட்டிச்சில்லின் நடுவில் சுற்றளவு கேட்கும், சில கம்பெனி முட்டிக்கு மேல் இத்தனை சென்டிமீட்டர் தள்ளித் தொடையில் கேட்கும். கோடு எங்கே போட்டிருக்கிறதோ அங்கே நாடா பிடியுங்கள். வலி எதனால் என்று முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆசிரியர் ஐயா, 'தரம்' வேண்டவே வேண்டாம். 2 என்பது 1-ஐவிட நல்ல சரக்கு என்று அர்த்தமில்லை, அதிகமாக இறுக்கும் என்று அர்த்தம். அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. ஜெர்மன் முறையில் 2 என்றால் 23 முதல் 32. பிரிட்டிஷ் முறையில் அதே 2 என்றால் 18 முதல் 24. இரண்டு வகைப் பெட்டியும் ஒரே அலமாரியில் இருக்கலாம். 'அழுத்தப்படி' என்று எழுதி, பக்கத்தில் mmHg, அதாவது மி.மீ. பாதரச எண்ணையும் தவறாமல் போடச் சொல்லுங்கள். எண் இல்லாத பெட்டியை நான் நம்பமாட்டேன்.

ஜெலுத்தோங்:

நன்றி சிஸ்டர். அந்த அம்மா மறுபடி வந்தார், சுருள்சிரைக்குப் படி 2, ஜெர்மன் முறை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் அளந்தோம். கணுக்காலின் ஒடுங்கிய இடத்தில் 25 செ.மீ., கெண்டையின் பருத்த இடத்தில் 40. எங்கள் கடை அட்டவணையில் எம் என்றால் கணுக்கால் 21 முதல் 24, எல் என்றால் 24 முதல் 27. எல் கொடுத்துவிடலாமா?

பட்டர்வொர்த்:

வேண்டாம். சாயங்காலக் கால் வீங்கின கால். காலையில் எழுந்ததும், நடமாடுவதற்கு முன் வீட்டிலேயே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு காலையும் தனித்தனியாக. தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நீளமும் வேண்டும்.

ஜெலுத்தோங்:

காலை அளவு வந்துவிட்டது. கணுக்கால் 22.5, கெண்டை 38, நீளம் 37. மற்றக் காலும் ஏறக்குறைய அதே. ஆக எம். எம்-மில் கெண்டை 32 முதல் 40, அதற்குள் அடங்குகிறது. நீளத்தில்தான் இடிக்கிறது. கையிருப்பில் உள்ள நீளம் 39-லிருந்து ஆரம்பிக்கிறது. மேலே கொஞ்சம் மடித்துவிட்டால் போதும் என்கிறார் கடைக்காரர்.

பட்டர்வொர்த்:

மடிக்கவே கூடாது. மடித்த இடத்தில் இரண்டு அடுக்கு, அங்கே அழுத்தம் கூடும். கணுக்காலில் அதிகம், மேலே போகப் போகக் குறைவு என்பதுதான் இந்தக் காலுறையின் கணக்கே. மடித்தால் மேலே போய் இறுகி, கீழே வீக்கம் தேங்கும். அதே எம்-மில் குட்டை நீளம் வரவழைக்கச் சொல்லுங்கள். எல் கொடுத்திருந்தால் கணுக்காலில் தொளதொளத்து, பெட்டியில் எழுதின அழுத்தம் காலுக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்று முக்கியம். அந்த அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறதா, நடந்தால் கெண்டை இழுத்துப் பிடிக்கிறதா என்று கேளுங்கள். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி அடைத்திருந்தால் இந்த அழுத்தமே கெடுதல். டாக்டர் பாத நாடியைப் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ளாமல் விற்கக் கூடாது. போட்ட பிறகு விரல் வெளுத்தாலோ, நீலம் பூத்தாலோ, மரத்தாலோ உடனே கழற்ற வேண்டும்.

செந்தூல்:

'அழுத்தப்படி' அருமை, 'தரத்தை' நான் விட்டுவிடுகிறேன். ஆனால் 'படுக்கைக் காலுறை' பற்றி யோசியுங்கள். படுக்கப் போகும்போது மாட்டிக்கொள்வது என்று யாராவது எடுத்துக்கொண்டால்?

பட்டர்வொர்த்:

அது நியாயமான பயம், ஐயா. சுருள்சிரைக் காலுறையைப் பெரும்பாலும் காலையில் மாட்டி இரவில் கழற்றுவோம். பெயரைப் பார்த்துக் குழம்பி யாராவது இராத்திரிக்கென்று வார்டு காலுறையை வாங்கலாம். ஆனால் 'உறைவுத் தடுப்புக் காலுறை'யில் 'உறை' இரண்டு தடவை வருகிறது, வாய்க்கு இடறுகிறது. கடையில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

கிள்ளான்:

எங்கள் வீட்டில் 'இரத்தக்கட்டு' என்றால்தான் புரியும். 'இரத்தக்கட்டுத் தடுப்புக் காலுறை' என்றால் என்ன?

செந்தூல்:

அடிபட்டு நீலம் பூப்பதையும் இரத்தக்கட்டு என்கிறோமே. சுளுக்குக்கு வாங்கிவிடுவார்கள்.

ஜெலுத்தோங்:

இப்போதைக்கு 'அழுத்தக் காலுறை', 'அழுத்தப்படி' இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். வெள்ளைக் காலுறைப் படத்துக்கு அடியில் 'நோயாளி படுத்திருக்கையில் மருத்துவமனையில் அணிவிப்பது, நடப்பதற்கு அல்ல' என்று முழு வாக்கியமாகவே எழுதப்போகிறேன். துளைக்கு அம்புக்குறி போட்டு 'விரல் பார்க்கும் துளை' என்று குறிக்கிறேன். வெள்ளைக் காலுறைக்கு நல்ல பெயர் கிடைத்தவர்கள் அட்டை அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள். குட்டை நீள எம் வந்ததும் அந்த அம்மாவைக் கூப்பிடுகிறோம். பாத நாடி பற்றி அவர் மகளிடம் சொல்லி, டாக்டரைக் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.