வெண்பாவில் எந்தெந்த வரியில் தளை தட்டுகிறது? நிரலும் கைக்கணக்கும் ஒத்துப்போகவில்லை

திருவான்மியூர் வாசி

எங்கள் குடியிருப்பின் ஆண்டு மலருக்காக மெரினா சுண்டல் விற்கும் பையனைப் பற்றி ஒரு நேரிசை வெண்பா எழுதியிருக்கிறேன். மலர் அச்சுக்குப் போவதற்குள் தளை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலெனத்
தூங்காத கடலோரம் சொல்லுகிறான் – வாங்காமல்
காற்றுமட்டும் வாங்கிக் கடந்திடுவார் கேளார்
சோற்றுக்கு அவன்விற்கும் சொல்

அலுவலக நண்பர் ஒருவர் தளை பார்க்கச் சின்னதாக ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறார். அதில் போட்டால் 1, 2, 4 ஆகிய வரிகளில் பிழை என்று வருகிறது. நான் கையால் அலகிட்டபோது 2ஆம் வரி மட்டும்தான் தட்டியது. அதிலும், நாலாவது வரியை வாய்விட்டுப் படித்தால் எந்த இடறலும் இல்லை. எதை நம்புவது? தட்டுகிற வரிகளைக் காரணத்தோடு யாராவது சொன்னால் திருத்திக்கொள்வேன்.

பெரம்பூர்க்காரர்

முதல் வரி சரியாகத்தான் இருக்கிறது, நிரலை நம்ப வேண்டாம். தேங்காய், மாங்காய் இரண்டுமே காய்ச்சீர். காய் முன் நேர் வரலாம், ‘மாங்’, ‘பட்’ எல்லாம் நேர்தான். பிறகு என்ன குறை?

2ஆம் வரியில் நீங்கள் கண்டது உண்மை. ‘தூங்காத’ காய்ச்சீர், அடுத்து ‘கட’ என்று நிரை வருகிறது. அது கலித்தளை, வெண்பாவுக்குள் வரக்கூடாது. இன்னொன்று, முதல் வரியில் முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை இல்லை. அதையும் பிழைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மயிலை ஆசிரியை

பெரம்பூர்க்காரர் ஐயா, 2ஆம் வரியைப் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. முதல் வரியில் மட்டும் பெயர் உங்களை ஏமாற்றிவிட்டது. மூன்று அசை வந்து நேரில் முடிந்தால்தான் காய்ச்சீர். ‘தேங்காய்’ என்பதில் தேங், காய் என்று இரண்டே அசை, அதாவது தேமா. ‘மாங்காய்’ என்பதும் அப்படியே. மாவுக்கு அடுத்து நிரை வர வேண்டும். இங்கே இரண்டு இடத்திலும் நேர் வருகிறது.

தேங்/காய் – மாங்/காய் – பட்/டா/ணிச் – சுண்/டலெ/னத்

முதல் சீருக்கும் இரண்டாம் சீருக்கும் நடுவில் ஒரு தட்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இன்னொன்று. ‘பட்டாணிச்’ காய்ச்சீர், அதன் பின் ‘சுண்’ நேர், அது பொருந்துகிறது. ஆக, நிரல் முதல் வரியைக் காட்டியது சரிதான். மோனை இல்லாதது அழகுக் குறைவே தவிரத் தளைப்பிழை ஆகாது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளலாம், இந்தப் பட்டியலில் வேண்டாம்.

தம்பி, நிரலும் நீங்களும் சேர்ந்தே விட்டுவிட்ட இடம் ஒன்று இருக்கிறது: மூன்றாம் வரியின் கடைசி. ‘கேளார்’ என்பது கே, ளார், தேமா. அடுத்த வரி ‘சோற்’ என்று நேரில் தொடங்குகிறது. மா முன் நேர் வந்துவிட்டது. வரி முடிந்ததும் தளையும் முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வெண்பாவில் தளை முதல் சீரிலிருந்து கடைசிச் சீர் வரை அறுபடாமல் ஓடும். முதல் குறளையே பாருங்கள். முதல் அடி ‘ஆதி’ என்று மாவில் முடிகிறது, அடுத்த அடி ‘பகவன்’ என்று நிரையில் எடுக்கிறது. உங்கள் பாட்டில் 15 சீர், அதனால் 14 சந்திப்பு. அந்த 14ஐயும் பார்த்தால்தான் சோதனை முடியும். வரி வரியாகப் பிரித்துப் பார்த்தால் மூன்று சந்திப்பு விட்டுப்போகும்.

நாலாவது வரியில் பிழை இல்லை. எழுதிய விதம்தான் அப்படிக் காட்டுகிறது. ‘சோற்றுக்கு அவன்’ என்று பிரித்து எழுதியிருப்பதால் சோற்/றுக்/கு என்று காய்ச்சீராகி, பின்னால் ‘அவன்’ என்ற நிரையோடு மோதுவது போலத் தெரிகிறது. நாம் படிக்கும்போது அப்படிப் படிப்பதில்லையே! ‘சோற்றுக் கவன்விற்கும்’ என்றுதான் நாக்கு சொல்கிறது. உயிர் வந்ததும் குற்றியலுகரம் போய்விடும். சோற்/றுக் தேமா, கவன் நிரை, பொருந்திவிட்டது. ‘விற்கும்’ முடிந்து ‘சொல்’ என்று நாள் வாய்பாட்டில் நிற்பதும் சரி. உங்கள் காது சொன்னதுதான் உண்மை.

ஆகப் பிழை உள்ளவை 1, 2, 3. நாலு தப்பித்தது. எதுகையும் தனிச்சொல்லும் (தேங், தூங், வாங், அப்புறம் காற், சோற்) பிசகில்லாமல் இருக்கின்றன.

தாம்பரம் பயணி

அம்மா, என் சந்தேகத்தையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். என் வெண்பா ‘பேருந்து’ என்ற சொல்லில் முடிகிறது. கடைசியில் குற்றியலுகரம் இருக்கிறது, ஆக காசு வாய்பாடு என்று விட்டுவிட்டேன். ஒரு நண்பர் தவறு என்கிறார்.

தரமணி நிரலர்

அந்த நிரலை எழுதியது நான்தான், திருவான்மியூர் வாசி சொன்னார் என்று இங்கே வந்தேன். வரிக்கு வரி தனியாகத்தான் ஓடவிட்டிருந்தேன், எல்லாச் சீரையும் ஒரே தொடராக மாற்றிவிடுகிறேன். உகரத்துக்கு ஒரு வழி யோசித்தேன்: சீரின் கடைசியிலோ சொல்லின் கடைசியிலோ கு, சு, டு, து, பு, று எது வந்தாலும் அந்த எழுத்தையே நீக்கிவிட்டால் போதுமா?

மயிலை ஆசிரியை

போதாது தம்பி, அது அதிகம். அடுத்த சொல் உயிரில் தொடங்கும்போதுதான் உகரம் போகும். அப்போதும் போவது உகரம் மட்டுமே. மெய் அடுத்த சொல்லில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதே பாட்டில் ‘காற்றுமட்டும்’ இருக்கிறதே, அங்கே அடுத்து மகரம், றுகரம் எங்கும் போகாது. காற்/றுமட்/டும், கூவிளங்காய். நீங்கள் சொல்கிறபடி நீக்கினால் காற்/மட்/டும் என்று தேமாங்காய் ஆகும். இரண்டும் காய் என்பதால் இங்கே விடை மாறவில்லை, அதனாலேயே இந்தப் பிழை கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். வேறு பாட்டில் ‘சோற்று மணம்’ என்று வந்தால், றுகரத்தை நீக்கிய உடனே மாச்சீர் ஓரசையாகிவிடும்.

சீர் எல்லையில் வேறு உயிர்களைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ‘தேடி அலைந்தான்’ என்பதை ‘தேடி யலைந்தான்’ என்று சேர்த்தாலும் அசை மாறாது. மெய் முடிந்து உயிர் வந்தாலும் அப்படித்தான். கணக்கைக் கலைப்பது உகரம்தான். குற்றியலுகரம் மட்டும் என்றும் இல்லை, ‘அது அவன்’ என்பதில் முற்றியலுகரமும் கெட்டு ‘அதவன்’ என்று சேரும். அதையும் நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் பயணி, உங்கள் நண்பர் சொன்னது சரி. காசு என்பது ஒரு நேர், அதன் பின் உகரம், அவ்வளவுதான். பிறப்பு என்பது ஒரு நிரை, பின் உகரம். ‘உலகு’ அப்படி. ‘பேருந்து’ என்பதில் பே, ருந் என்று இரண்டு நேர் போன பிறகு உகரம் வருகிறது, அது தேமாங்காய்ச் சீர். ஈற்றில் நிற்க முடியாது. சொல்லை உடைத்து ‘பே’ என்பதை முந்தைய சீரில் ஒட்டினால் ‘ருந்து’ காசு ஆகிவிடும், கணக்கு தேறும். எனக்கு அது பிடிக்காது. வேறு சொல் தேடுங்கள்.

திருவான்மியூர் வாசி

மிக்க நன்றி அம்மா. உட்கார்ந்து திருத்தினேன்:

தேங்காயும் மாங்காயும் பட்டாணிச் சுண்டலெனத்
தூங்காக் கடலோரம் சொல்லுகிறான் – வாங்காமல்
காற்றுமட்டும் வாங்கிக் கடந்திடுவார் கேளாரே
சோற்றுக் கவன்விற்கும் சொல்

14 சந்திப்பும் பார்த்துவிட்டேன், எங்கும் தட்டவில்லை. ‘தூங்காத’ என்பது ‘தூங்காக்’ ஆனதில் வரி இன்னும் இறுகியது போல இருக்கிறது. ‘கேளாரே’ என்ற ஏகாரமும் உறுத்தவில்லை. மனம் ஒப்பாதது முதல் வரிதான். மெரினாவில் எந்தப் பையனும் ‘தேங்காயும் மாங்காயும்’ என்று கூவுவதில்லை. ‘தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல்’ என்ற அந்தக் குரலை அப்படியே வைக்கத்தான் இந்தப் பாட்டையே எழுதத் தொடங்கினேன். இரண்டு உம்மையைச் செருகியதும் அது கடைப்பட்டியல் போல் ஆகிவிட்டது.

மேடைக் கவிஞர்

வகையுளி என்று ஒன்று இருக்கிறதே, எதற்காக உம்மை? இப்படிப் பிரியுங்கள்:

தேங்காய்மாங் காய்பட்டா ணிச்சுண்டல் சூடென்று

தேங்/காய்/மாங், காய்/பட்/டா, ணிச்/சுண்/டல், சூ/டென்/று. நாலும் தேமாங்காய், எல்லாச் சந்திப்பிலும் காய் முன் நேர். அடுத்த அடியின் ‘தூங்’ வரை எதுவும் தட்டாது. சொல்லை உடைத்தது தாளில்தான். வாயால் சொன்னால் பையனின் குரல் ஓர் எழுத்துகூட மாறாமல் வருகிறது. பழைய வெண்பாக்களில் இதைவிடக் கடுமையாகப் பிரித்த இடங்கள் எத்தனையோ உண்டு.

மயிலை ஆசிரியை

அலகு தேறுகிறது, மறுக்கவில்லை. இரண்டு சொல்லை அடுத்தடுத்து உடைப்பதுதான் எனக்கு அதிகமாகப் படுகிறது. வெண்பாவைச் சீர் நிறுத்தித்தான் படிப்பார்கள். ‘ணிச்சுண்டல்’ என்று கண் நின்றதும் வாசகர் திரும்பிப் போய் முதலிலிருந்து படிப்பார். ஒரு வகையுளியைக் காது பொறுக்கும், வரிசையாக வந்தால் பொறுக்காது. உம்மையே மேல்.

பெரம்பூர்க்காரர்

காய்ச்சீர் பற்றி விளக்கியதற்கு நன்றி அம்மா. ஆனால் இந்த இடத்தில் நான் மேடைக் கவிஞர் பக்கம். மெரினாவில் அந்தக் குரலே ஒரே மூச்சில்தான் வருகிறது, எங்கே சொல் முடிகிறது என்று கேட்கிறவருக்குத் தெரியாது. கடற்கரையில் நின்று கேட்டவர் யாரும் ‘ணிச்சுண்டல்’ என்பதில் தடுக்க மாட்டார்.

தரமணி நிரலர்

திருத்திய நிரலில் மூன்று வடிவத்தையும் ஓட்டினேன். பழைய பாட்டில் 1ஆம் வரியில் இரண்டு, 2ஆம் வரியில் ஒன்று, 3க்கும் 4க்கும் நடுவில் ஒன்று என்று நான்கு இடம் காட்டியது. அம்மா கையால் சொன்ன அதே இடங்கள். உம்மை வைத்ததும் வகையுளி வைத்ததும் இரண்டுமே பிழையின்றித் தேறுகின்றன. எது நல்ல வரி என்று நிரலால் சொல்ல முடியாது.

திருவான்மியூர் வாசி

இரண்டு முதல் வரியையும் மலர்க் குழுவுக்கு அனுப்புகிறேன், அலகீட்டையும் கீழே எழுதி. மேடைக் கவிஞர் ஐயா, ஒரு சந்தேகம் மட்டும்: ‘சூடென்று’ என்று முடித்தால் ‘சுண்டல் சூடு’ என்று அவனே சொல்வதாக ஆகிறதே. நான் கேட்ட குரலில் ‘சூடு’ இல்லை. சுண்டலோடு நின்று, நேரில் தொடங்கும் வேறு ஏதாவது காய்ச்சீர் உங்களுக்குத் தோன்றுகிறதா?