வரிசை சரி, காரணத்துக்கு மார்க் இல்லை

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் எடுப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். ரௌலட் சட்டம், ஜாலியன்வாலா பாக், ஒத்துழையாமை இயக்கம், சௌரி சௌரா, இவற்றை வரிசைப்படுத்திக் காரணம் எழுத வேண்டும். மகள் வரிசையைச் சரியாகத்தான் போட்டாள், ஆனால் காரணம் என்று 1919, 1919, 1920, 1922 என ஆண்டுகளை மட்டும் எழுதியதில் பாதி மார்க் போச்சு. முதல் இரண்டும் ஒரே ஆண்டு, அது எதை நிரூபிக்கும்? மார்ச்சில் சட்டம், அதை எதிர்த்த கிச்லுவும் சத்யபாலும் ஏப்ரல் 10இல் கைது, 13இல் துப்பாக்கிச் சூடு என்று கோத்துக் காட்டினேன். சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிந்த பிறகு காந்தி இயக்கத்தையே நிறுத்தினார், அதனால் அது கடைசி, சரி. நடுவில்தான் தடுமாறுகிறேன்: ஒத்துழையாமைக்குப் பஞ்சாப் படுகொலையோடு கிலாபத்தும் காரணமாயிற்றே, கேள்வியில் இல்லாத அதை ஒரு வரி சேர்த்தால் மார்க் வருமா, வெட்டிவிடுவார்களா?