பரோட்டாவின் முதல் திருப்புக்கு ஒரு சொல் வேண்டும்

மலர்விழி:

அனைவருக்கும் வணக்கம். சமையற்கலை மாணவர்களுக்கான பயிற்சிக் கையேட்டில் பரோட்டாப் பகுதிக்குக் கலைச்சொற்கள் தொகுத்து வருகிறேன். பிசைதல், ஊறவைத்தல், வீசுதல், சுற்றுதல், தட்டுதல், அடித்தல் எல்லாவற்றுக்கும் கடையில் புழங்கும் சொல்லே இருக்கிறது. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. கல்லில் போட்ட பரோட்டாவை முதல் முறை திருப்ப வேண்டிய நிலைக்கு என்ன பெயர் வைப்பது?

பழைய பதிப்பில் "40 நொடி கழித்துத் திருப்புக" என்று இருந்தது. மாணவர்கள் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்புகிறார்கள். சிலருக்கு வெளியே சிவந்து உள்ளே மாவாக நிற்கிறது. சிலருக்கு வறண்டு தட்டையாகப் போகிறது. முதலில் "திருப்புநேரம்" என்று எழுதி வைத்தேன், எனக்கே அது சரியாகப் படவில்லை.

கார்த்திக்:

திருப்புநேரம் என்பதே நல்ல சொல்தான். குறை சொல்லில் இல்லை, அளவில் இருக்கிறது. கல்லின் சூட்டை அளக்காமல் நொடியை மட்டும் சொன்னால் தப்பாகத்தான் வரும். அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்து 200 டிகிரி செல்சியஸ் என்று நிறுத்திக்கொண்டால் 40 நொடி எல்லாருக்கும் பொருந்தும். அதோடு, எண்ணெயை ஆரம்பத்திலேயே தாராளமாக ஊற்றச் சொல்லுங்கள். அடுக்குக்கு நடுவில் இருக்கும் எண்ணெய் கொதித்துத்தானே பரோட்டா உப்புகிறது?

உமா:

மலர்விழி, இதற்கு "வீச்சு" என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே! மாவைக் கையால் தூக்கித் திருப்பித் திருப்பி அடிப்பதைத்தானே கேட்கிறீர்கள்? வீச்சுப் பரோட்டா என்று பேரே அதனால்தான். எனக்கு வீச்சு நன்றாகவே வருகிறது, மெல்லிய துணி மாதிரி விரிகிறது. ஆனால் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பில் போட்டால் நடுப்பகுதி மட்டும் வேகவே மாட்டேன் என்கிறது. யாராவது அதற்கும் வழி சொன்னால் நல்லது.

ஜமால்:

உமா அக்கா, மலர்விழி கேட்பது மாவை வீசுவதை இல்லை. கல்லில் போட்டபின் முதல் தடவை திருப்புவதை. உங்கள் அடுப்பு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

தம்பி கார்த்திக், சூட்டை அளக்கச் சொன்னது ரொம்பச் சரி. ஆனால் எண்ணெய் கொதிப்பதில்லை. கல்லில் இருக்கும் சூட்டுக்கு எந்தச் சமையல் எண்ணெயும் கொதிக்காது. உப்ப வைப்பது மாவில் இருக்கும் தண்ணீர். அது நீராவியாகி வெளியே வரப் பார்க்கும்போது, ஒரு சுற்று இன்னொரு சுற்றோடு ஒட்டாமல் எண்ணெய் தடுத்து வைத்திருப்பதால் அந்த இடைவெளியில் புகுந்து அடுக்கைத் தூக்குகிறது. எண்ணெய்க்கு அங்கே பிரித்து வைக்கிற வேலை மட்டும்தான்.

அளவோடு சொல்கிறேன். ஒரு கிலோ மைதா, 550 மில்லி தண்ணீர், 50 மில்லி எண்ணெய், 15 கிராம் உப்பு, 20 கிராம் சர்க்கரை. பிசைந்து அரை மணி ஊறவிட்டு 90 கிராம் உருண்டை பிடித்தால் 18 வரும். உருண்டைகளை எண்ணெய் தடவி இன்னும் ஒரு மணி நேரமாவது மூடி வைக்க வேண்டும். அப்புறம் வீசி, மடிப்பு வைத்துச் சுற்றி, கால் மணி விட்டு, 15 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தட்டினால் கனம் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். கல் 190 முதல் 200 டிகிரிக்குள் இருந்தால் இந்தப் பரோட்டா கிட்டத்தட்ட 40 நொடியில் திருப்புகிற பக்குவத்துக்கு வரும். ஆக, அந்தப் பழைய பதிப்பு இந்த ஒரு பரோட்டாவுக்குச் சரி.

அதே கல்லில் எட்டுப் பரோட்டா வரிசையாகப் போடுங்கள். ஒவ்வொன்றும் கல்லின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கடைசியில் போட்டது இறங்கிப்போன கல்லில் உட்காரும், அதற்கு நேரம் கூடும். தட்டும்போது கை அழுத்தம் மாறினாலும் நேரம் மாறும். அதனால் நொடியைச் சொல்லாக்கினால் சொல்லே பொய் சொல்லும். மாவு என்ன நிலையில் இருக்கிறது என்பதைத்தான் சொல்லாக்க வேண்டும்.

அந்த நிலையைக் கண்ணால் பார்க்கலாம். விளிம்பைக் குனிந்து பாருங்கள். கல்லை ஒட்டிய கீழ்ப்பாதியில் பச்சை மாவின் பளபளப்பு போய் மங்கிவிடும், மேல்பாதி இன்னும் பளபளக்கும். மேலே சுற்றின் கோடுகள் லேசாக எழும்பித் தெரியும். திருப்பியால் பக்கவாட்டில் தள்ளினால் முழுசாக வழுக்கி நகரும். ஓரத்தைத் தூக்கினால் அடிப்பக்கம் வெளிறி இருக்கும், அங்கங்கே வெளிர்ப் பொன்னிறப் புள்ளி, அவ்வளவுதான். சிவப்பு தெரிந்தால் பிந்திவிட்டது.

ஏன் சிவக்குமுன் திருப்ப வேண்டும் என்றால், அடிப்பக்கம் அப்போது இறுகியிருக்கும், ஆனால் வளையும். உடனே திருப்பினால் மறுபக்கமும் அப்படியே இறுகி, உள்ளே உண்டாகிற நீராவிக்கு இரண்டு பக்கமும் வளைந்து கொடுக்கும். ஒரு பக்கத்தைச் சிவக்க விட்டுவிட்டால் அது ஓடாகிவிடும், தூக்க முடியாது. நிறத்தை நம்பவும் கூடாது. சர்க்கரை கூடின மாவு வேகுமுன்னே சிவந்துவிடும்.

எண்ணெய் ஊற்றுவது முதல் திருப்புக்கு அப்புறம்தான். உருண்டை ஊறின எண்ணெயே முதல் பக்கத்துக்குப் போதும். முதலிலேயே ஊற்றினால் அடிப்பக்கம் பொரிய ஆரம்பித்துவிடும், சூடு உள்ளே போகுமுன் மேலே ஓடு கட்டும். திருப்பியபின் ஒரு பரோட்டாவுக்கு ஒரு டீஸ்பூன், விளிம்பைச் சுற்றி. அடுத்த ஒரு நிமிடத்தில் இரண்டாம் திருப்பு, அதற்குப் பிறகு புரட்டிப் புரட்டிச் சிவக்க விடலாம். மொத்தம் மூன்று நிமிடத்திலிருந்து நான்கு.

உமா அக்கா, நடு வேகாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சுற்றின் வாலை நடுவில் சொருகுகிறோம், அந்த இடம் தடித்துப்போகும். நடுவிலிருந்து வெளியே பார்த்துத் தட்டுங்கள். இன்னொன்று, இண்டக்‌ஷனில் சூடு வளையமாக வரும், மெல்லிய தவாவில் நடு பின்தங்கும். கனமான இரும்புக் கல்லைப் பத்து நிமிடம் மிதமான சூட்டில் வைத்தபின் போடுங்கள். சூட்டைக் கூட்டாதீர்கள். கூட்டினால் வளையம் கருகும், நடு அப்படியே நிற்கும்.

கார்த்திக்:

எண்ணெய் விஷயம் புரிந்தது, நன்றி. ஆனால் வெப்பமானியை விட மாட்டேன். கையேட்டில் அது இருக்க வேண்டும்.

ஜமால்:

இருக்கட்டும், தம்பி. ஒரு எச்சரிக்கையும் சேருங்கள். எண்ணெய் படிந்து கறுத்த இரும்புக் கல்லில் அகச்சிவப்பு வெப்பமானி ஓரளவு சரியாகக் காட்டும். பளபளப்பான எஃகுத் தட்டில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பிச் சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் கருகும்.

இளங்கோ:

ஜமால் சொன்னதிலேயே விடை இருக்கிறது. பாகுக்குக் கம்பிப்பதம் என்று சொல்கிறோம், இத்தனை நிமிடம் என்று சொல்வதில்லை. அந்த வழியில் "திருப்புபதம்" என்பதை முன்மொழிகிறேன். திருப்பும் பதம் என்று விரியும் வினைத்தொகை, ஆகவே நடுவில் ப் மிகாது. "திருப்புப்பதம்" என்று யாரும் திருத்த வேண்டாம்.

குமரன், பினாங்கு:

எனக்கு "கல்விடுபதம்" பிடிக்கிறது. ஜமால் அண்ணன் சொன்ன அடையாளங்களில் மாணவன் கையால் உணரக்கூடியது, பரோட்டா கல்லை விட்டு வழுக்குவதுதான். எப்போது திருப்புவது என்ற கேள்விக்குச் சொல்லே பதில் சொல்லிவிடும்.

இங்கே ரொட்டி சானாய் போடும்போது பல கடைகளில் சுற்றுவதில்லை. மெல்லியதாக வீசி நாலு பக்கமும் மடித்துச் சதுரமாகப் போடுகிறார்கள். அடுக்கு குறைவு, மேல்பரப்பில் சுற்றுக் கோடே இருக்காது. அதற்கும் பொருந்துகிற சொல்லாக இருந்தால் நல்லது.

ஜமால்:

குமரன் தம்பி, கல்விடுபதம் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஓடுகிற கல்லில் முந்தின பரோட்டாவின் எண்ணெய் எப்போதும் நிற்கும். அதில் போட்டால் பச்சை மாவே பத்து நொடியில் வழுக்கும். அந்தச் சொல்லை நம்புகிறவன் சீக்கிரமே திருப்புவான். அப்போது அடிப்பக்கம் இறுகியிருக்காது, திருப்பி படும் இடத்தில் சுற்று கலைந்து அடுக்குகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். துடைத்த கல்லில் முதல் பரோட்டாவுக்கு மட்டும் உங்கள் சொல் சரி.

குமரன், பினாங்கு:

கடைக் கல்லுக்கு ஒத்துக்கொள்கிறேன். வீட்டுத் தவாவில் ஒவ்வொன்றாகச் சுடுகிறவர்களுக்குக் கல்விடுபதம்தான் எளிது என்று இன்னும் நினைக்கிறேன். இரண்டையும் போடலாமே?

மலர்விழி:

எல்லாருக்கும் நன்றி. தலைச்சொல்லாகத் திருப்புபதம் போடுகிறேன். பதிவை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"திருப்புபதம்: கல்லில் இட்ட பரோட்டாவின் அடிப்பக்கம் இறுகி, சிவக்காமல், வளையும் தன்மையோடு இருக்கும் நிலை. விளிம்பின் கீழ்ப்பாதி பளபளப்பு இழப்பதும், மேலே சுற்றுக் கோடுகள் எழும்புவதும் அடையாளம். இந்நிலையில் முதல் முறை திருப்பி, அதன்பின் எண்ணெய் விடுக. 190 முதல் 200 டிகிரிக் கல்லில், 90 கிராம் பரோட்டாவுக்கு ஏறத்தாழ 40 நொடியில் வரும். கல்லில் பல பரோட்டா இருந்தால் பிந்தும்."

கல்விடுபதத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கவில்லை. இன்னொன்று: சுட்டபின் அடுக்கி வைத்து இரண்டு கையாலும் அடிப்பதற்கும் ஒரு பதம் இருக்கிறதல்லவா? அதற்கும் பெயர் வேண்டுமா?

ஜமால்:

பதிவு நன்றாக வந்திருக்கிறது. ஒரே திருத்தம்: "சுற்றுக் கோடுகள் எழும்புவதும்" என்பதற்கு முன்னால் "சுற்றுப் பரோட்டாவில்" என்று சேருங்கள். குமரன் சொன்ன சதுர ரொட்டிக்கு விளிம்பு மட்டும்தான் அடையாளம்.

அடிப்பதற்குத் தனிப் பெயர் வேண்டுமா என்று எனக்குத் தெளிவாகத் தோன்றவில்லை. அங்கே தயாராகும்வரை காத்திருக்க ஒன்றும் இல்லை, தாமதிக்காமல் இருந்தால் போதும். கல்லிலிருந்து எடுத்து மூன்று நான்கை அடுக்கி, அரை நிமிடத்துக்குள் பக்கவாட்டிலிருந்து உள்நோக்கி அடிக்க வேண்டும். சூடாக இருக்கும்வரை அடுக்கு நெகிழ்ந்து பிரியும். ஆறினால் மாவு விறைத்துவிடும். அப்போது அடித்தால் அடுக்கு பிரியாமல் துண்டு துண்டாக உடையும், தட்டில் பொடி உதிர்வதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

உமா:

நடுவிலிருந்து தட்டிப் பார்த்தேன், வேகிறது. ஆனால் இப்போது விளிம்பு தடித்து, அங்கே பச்சை வாடை அடிக்கிறது. விளிம்பையும் அழுத்த வேண்டுமா?

ஜமால்:

அழுத்தாதீர்கள், அக்கா, விளிம்பில்தான் அடுக்கு திறக்கும். இரண்டாம் திருப்புக்குப் பிறகு பரோட்டாவைக் கால்வாசி சுழற்றி, தடித்த பக்கம் உங்கள் அடுப்பின் சூட்டு வளையத்துக்கு மேலே வருகிற மாதிரி அரை நிமிடம் வையுங்கள். அப்புறம் அடுத்த பக்கத்துக்கும் அதே மாதிரி.