லூப் பெடலும் கிளிக்கும்: மூன்றாவது நிமிடத்தில் நழுவும் தாளம்

தெம்பனிஸ் கிட்டார்
சமூக மன்றத்துத் தீபாவளி இரவில் தனியாளாக வாசித்தேன். மேசையில் டிரம் மெஷின், வேகம் 96. காலடியில், பதிந்ததைத் திரும்பத் திரும்பப் போடும், ஒரு பட்டன் மட்டும் உள்ள சின்ன லூப் பெடல். இரண்டு சுற்று ஆதி தாளம்போல் நான்கு பார் கிட்டாரைப் பதிந்துவிட்டு மேலே பாடினேன். முதல் நிமிடம் சுகம். மூன்றாவது நிமிடத்தில் கிட்டார் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம். முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பாட்டி கையை நிறுத்திவிட்டார். இது உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

பீஷான் பாடகி
எனக்கும் நடந்தது. காரணம் புளூடூத் இயர்போன். தாளம் காட்டும் கிளிக் தாமதமாகக் காதுக்கு வந்தால் எல்லாமே நழுவும். வயர் போட்டதும் சரியாகிவிட்டது.

பழைய கீபோர்டு
தங்கச்சி சொல்வது பாதி சரி. புளூடூத் தாமதம் நிலையானது. முதல் அடியில் எவ்வளவு பின்தங்குகிறதோ, கடைசி அடியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். தம்பி சொல்வதோ போகப்போக வளர்கிற இடைவெளி. அது வேறு நோய்.

கணக்கு இதுதான். 96 வேகத்தில் ஓர் அடி 0.625 வினாடி, நான்கு பாரின் 16 அடிக்குச் சரியாக 10 வினாடி. லூப்பை மூடும்போது கால் 40 மில்லி வினாடி தாமதித்தால் பெடல் அதை 10.04 என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதே நீளத்தைத் திருப்பிப் போடும். 40 மில்லி வினாடி காதுக்குச் சட்டென்று தெரியாது. ஒரு நிமிடத்தில் ஆறு சுற்று, 240 மில்லி வினாடி ஆகிவிடும். மூன்று நிமிடத்தில் 720. அது ஓர் அடியைவிடவும் அதிகம். பாட்டி சரியான இடத்தில்தான் கையை நிறுத்தியிருக்கிறார்.

எந்த நோய் என்று வீட்டிலேயே பார்க்கலாம். டிரம் மெஷினின் கிளிக்கையே லூப்பில் பதிந்து, அசல் கிளிக்கோடு சேர்த்து ஓடவிடுங்கள். முதலில் ஒரே ‘டக்’காகக் கேட்டு, பிறகு ‘டடக்’ என்று பிரிந்து, பிரிவு அகலமாகிக்கொண்டே போனால் லூப்பின் நீளம் தவறு. ஆரம்பத்திலிருந்தே ஒரே அளவு பிரிந்திருந்தால் தாமதம்.

ஆர்ச்சர்ட் தெருக்கலைஞர்
அண்ணே, கால் பழக்கம் பண்ணினால் போதாதா? நான் கிளிக்கே வைப்பதில்லை. முதல் லூப் எப்படி வருகிறதோ அதுதான் தாளம். மேலே போடும் லேயர் எல்லாம் அதற்குள்ளேயே விழுவதால் நழுவ வழியில்லை. ஆட்கள் நடந்துபோகிற இரைச்சலில் கிளிக் கேட்கவும் செய்யாது.

பழைய கீபோர்டு
வெளியே இன்னொரு கருவி ஓடாதவரை நீங்கள் சொல்வது சரி. ஒரே லூப்பின் மேல் ஓவர்டப் செய்தால் விலகாது. டிரம் மெஷின் தனியாக ஓடும்போதுதான் இரண்டு கடிகாரம். எவ்வளவு பழகினாலும் சில மில்லி வினாடி மிச்சம் இருக்கும், அது சேர்ந்துகொண்டே போகும்.

தம்பிக்கு இரண்டு வழி. கருவிகள் ஒன்றுக்கொன்று வேகத்தைச் சொல்லிக்கொள்ளும் மிடி இணைப்பு சின்ன பெடலில் கிடையாது என்றால், டிரம்மையும் முதல் லூப்பிலேயே பதிந்துவிட்டு மெஷினை நிறுத்திவிடுங்கள். நடுவில் தாளக்கட்டை மாற்ற முடியாது, அதுதான் விலை. மிடி உள்ள பெடல் என்றால் டிரம் மெஷினைத் தலைமையாக்கி, பெடலை அதற்குக் கீழ்ப்படிய வையுங்கள். மிடி கிளாக் ஓர் அடிக்கு 24 துடிப்பு அனுப்பும். குவாண்டைஸை இயக்கினால் கால் சற்றுப் பிசகினாலும் லூப் பார் எல்லையில்தான் மூடும். ஆனால் சில பெடல்களில் எல்லை தாண்டி மிதித்தால் அடுத்த பார் முடியும்வரை பதிவு நீளும். அதனால் கடைசி அடியிலேயே, கொஞ்சம் முன்னதாக மிதித்துப் பழகுங்கள்.

இன்னொன்று. மிடி கேபிளை மாட்டிவிட்டு மெஷினை முதலிலிருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். கிளாக் வேகத்தை மட்டும் சொல்லும், முதல் அடி எங்கே என்பதை ஸ்டார்ட் சமிக்ஞைதான் சொல்லும். ஓடும்போது மாட்டினால் வேகம் ஒத்துப்போகும், முதல் அடி தப்பும்.

கஞ்சிரா தேக்கா
எனக்கு வேறு தொல்லை. மிஸ்ர சாபு வாசித்தால் குவாண்டைஸ் ஏழை எட்டாக்கிவிடுகிறது. கடைசியில் ஒரு அடி வெற்றிடம்.

பழைய கீபோர்டு
பெடல் நான்கு அடி பாரில் நிற்கிறது. பீட் அமைப்பில் ஏழு இருக்கிறதா பாருங்கள். பாஸ் நிறுவனத்தின் ஆர்சி-505 போன்ற பெரிய பெட்டிகளில் உண்டு. ஏழு அடியை 3+4 என்று கிளிக் அழுத்திக் காட்டுமா என்பது வேறு விஷயம், பெரும்பாலும் சமமாகத்தான் தட்டும்.

கஞ்சிரா தேக்கா
சமமாகத் தட்டினால் தகிட தகதிமி எங்கே பிரிகிறது என்பது காதில் விழாதே. அந்தக் கிளிக்கை அணைத்துவிட்டு கஞ்சிராவை நானே பதிந்துகொள்வேன்.

ஆர்ச்சர்ட் தெருக்கலைஞர்
இதைத்தானே நானும் சொன்னேன்!

தெம்பனிஸ் கிட்டார்
டிரம்மை லூப்பில் பதிந்து பார்த்தேன். விலகல் இல்லை. ஆனால் சரணத்தில் டிரம் மாறாமல் ஒரே மாதிரி ஓடுவது அலுக்கிறது. மிடி உள்ள பெடல் பழையது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.