ஆபீஸ் வாட்ஸ்அப் குழு: சண்டைக்கு நடுவே மேனேஜர் சொல்லும் வேலை காணாமல் போகிறது, வழி உண்டா?

அரைத்தூக்கம்:
எங்கள் பிரிவுக் குழுவில் 34 பேர். நேற்று ராத்திரி 11.40க்கு மேனேஜர் "காலை 8 மணிக்குள் கணக்கு வேண்டும்" என்று போட்டிருக்கிறார். அப்போது ஒரு தேர்தல் ஃபார்வேர்டை வைத்துச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது, இவர் சொன்னதையும் தாண்டி ஓடியது, அப்புறம் யாரோ மதத்தையும் இழுத்துவிட்டார்கள். காலையில் 140 செய்தி. சரசரவென்று தள்ளிவிட்டேன், கணக்கு விஷயம் கண்ணில் படவே இல்லை. 10 மணிக்குக் கூப்பிட்டு "பார்த்திருக்கிறீர்களே" என்று போனை நீட்டுகிறார். குழுவை விட்டு விலகவும் முடியாது.

நீலக்குறி:
Read receipts-ஐ அணைத்துவிடுங்கள். நீல டிக் போகாது, கதை முடிந்தது.

பழைய அட்மின்:
அது தனி அரட்டைக்குத்தான், குழுவில் செல்லாது. அனுப்பியவர் தன் செய்தியின் விவரத்தைத் திறந்தால் யார் யார் படித்தார்கள் என்று பெயரோடு வரும். குழுவைத் திறந்தாலே படித்ததாகக் கணக்கு, 140-இல் எது உங்கள் கண்ணில் பட்டது என்று அதற்குத் தெரியாது.

ம்யூட் போடுங்கள், ஆனால் @ போட்டு உங்கள் பெயரைச் சொன்னால் அப்போதும் அறிவிப்பு வரும். அதனால் வேலை சொல்லும்போது பெயரைக் குறிப்பிடச் சொல்லுங்கள், காலையில் குழுவுக்குள் @ குறியைத் தொட்டால் நேராக அந்த இடத்துக்கே போகும். செய்தியைப் பின் செய்து வைத்தாலும் நல்லது, 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று தேர்ந்தெடுக்கும் காலம் வரை மேலேயே நிற்கும்.

சரியான வழி, வேலைக்கென்று தனிக் குழு. அதன் Group permissions-இல் அட்மின்கள் மட்டும் எழுதலாம் என்று வைத்துவிட்டால் அங்கே மற்ற யாரும் ஃபார்வேர்டு போட முடியாது. மேனேஜரிடம் போய் "இந்தச் சண்டை எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், யார் பக்கம் என்று பார்ப்பார். "நீங்கள் சொன்னது புதைந்துபோகிறது" என்று மட்டும் சொல்லுங்கள்.

நடுவில் மாட்டியவன்:
நான் அட்மினாக இருந்து ஒரு மத ஃபார்வேர்டை நீக்கினேன். அட்மின் நீக்கினார் என்று என் பெயரோடு அங்கேயே நிற்கிறது! எதிர்த் தரப்பு போட்டதை விட்டுவிட்டேனாம். இரண்டு பேர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீக்கியது தப்பா?

அரைத்தூக்கம்:
தனிக் குழு வந்துவிட்டது, ஒரு வாரத்தில் மூன்றே செய்தி. பழைய குழுவில் சண்டை அப்படியே இருக்கிறது, நான் ஆர்க்கைவில் போட்டுவிட்டேன். ஆனால் நேற்று ராத்திரி 12.10க்கு என் பெயரை @ போட்டு ஒரு வேலை. இப்போது தவறாமல் எழுப்பிவிடுகிறது.

பழைய அட்மின்:
போனில் 'தொந்தரவு செய்யாதே'யை 10 முதல் 6 வரை தானாக ஓடும்படி வையுங்கள், அவசரமென்றால் கூப்பிடட்டும், அவர் எண்ணுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். அந்தச் செய்தியில் எப்போதைக்குள் என்று போட்டிருந்தாரா?

அரைத்தூக்கம்:
இல்லை. "ப்ளீஸ் நோட்" என்று மட்டும்.